உடைந்த தடையும் தாங்காத தளமும்

பங்குவிலை வரைபடங்களைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் எதை விட்டாலும் ஒரு வாக்கியத்தை விடுவதில்லை: உடைபட்ட தடை ஆதரவாக மாறும். ராபர்ட் எட்வர்ட்ஸ், ஜான் மேகி இருவரும் 1948 இல் எழுதிய நூலில் விரிவாக விளக்கப்பட்ட இக்கருத்து, இன்று கைப்பேசித் திரையில் பத்து நிமிடக் காணொளியாக வந்து சேர்கிறது. விலை பலமுறை முட்டித் திரும்பிய ஓர் உயரத்தை ஒருநாள் கடந்து செல்லும். சற்று மேலே போய், மீண்டும் அதே உயரத்துக்கு இறங்கி வரும். அங்கே தாங்கப்பட்டு மறுபடி ஏறும். அந்த இறக்கத்தைச் சந்தை மொழியில் ரீடெஸ்ட் என்பர். மறுசோதனை என்று தமிழில் சொல்லலாம். அது நிகழும் இடத்தில் வாங்குவதே பாதுகாப்பான கொள்முதல் என்பது பாடத்தின் முடிவுரை.

இப்பாடத்தில் ஒரு குறை உள்ளது. தாங்கப்பட்ட மறுசோதனைக்கு மட்டுமே அதில் இலக்கணம் உண்டு. தாங்காமல் விலை கீழே போய்விட்டால், ‘அது உண்மையான உடைப்பே அன்று, போலி உடைப்பு’ என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். ஒரு கூற்று பலித்தால் அதற்குச் சான்று, பலிக்காவிட்டால் அது கூற்றின் எல்லைக்குள்ளேயே வரவில்லை என்று ஆகிவிடுமானால், அங்கே சோதனை என்ற சொல்லுக்கு வேலையில்லை. ஆய்வு மாணவர் எவரும் தம் நெறியாளரிடம் இத்தகைய கருதுகோளைக் கொண்டுபோகத் துணிய மாட்டார். ஆனால் அதே மாணவர் மாலையில் ஆப்ஷன் வாங்கும்போது அதைக் கேள்வியின்றி ஏற்கிறார். இது கேலிக்காகச் சொல்லப்படுவதன்று. பங்கு முன்பேர, ஆப்ஷன் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் 2021-22 நிதியாண்டில் நட்டமடைந்தனர் என்று செபி 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு கூறியது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வின்படி, 2023-24 இல் அப்பிரிவின் தனிநபர்களில் 43 சதவீதத்தினர் 30 வயதுக்குட்பட்டவர்கள். பல்கலைக்கழக விடுதிகளுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதன்று.

எனவே, தாங்கிய மறுசோதனையைவிடத் தாங்காத மறுசோதனையையே கூர்ந்து பார்க்க வேண்டும். அதற்கான அளவுகோலை விலை அங்கு வந்து சேர்வதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். இதற்கு நிஃப்டி 50 குறியீட்டின் அண்மைக் கால வரலாறு நல்ல இணைச் சான்று ஒன்றைத் தருகிறது. ஒன்றில் மறுசோதனை தோற்றது. பத்து மாதங்கள் கழித்து, முந்தையதற்குச் சற்று மேலே, மற்றொன்று நின்றது.

முதலில் தோற்றது. நிஃப்டி 2021 அக்டோபர் 19 அன்று வணிக நேரத்தில் 18,604 என்ற உச்சத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய நாளின் முடிவு விலையான 18,477 தான் அந்த ஏற்றத்தின் மிக உயர்ந்த முடிவு விலை. பிறகு ஓராண்டுக்கும் மேலாக அந்த உயரம் எட்டவில்லை. 2022 ஜூன் 17 அன்று குறியீடு 15,183 வரை இறங்கியது. இங்கே ஒரு சிறு கேள்வி எழும். தடை எங்கே இருந்தது? 18,604 இலா, 18,477 இலா? வணிக நேரத்தில் தொட்ட உச்சம் சில நிமிட அவசரத்தின் பதிவு. முடிவு விலையோ நாளின் இறுதி அரைமணி நேர வணிகத்தின் சராசரி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெல்லிய கோடு போடுவது பழக்கத்தில் உள்ள தவறு. இரண்டுக்கும் இடைப்பட்ட 127 புள்ளிகளையும் ஒரு பட்டையாகக் கொள்வதே பொருத்தம். இந்தப் பட்டை வரைபடத்தைப் பார்த்தபின் வசதிக்காக வரைந்ததன்று, 2021 அக்டோபரிலேயே முடிவாகிவிட்ட இரண்டு எண்களால் ஆனது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

2022 நவம்பர் இறுதியில் நிஃப்டி அந்தப் பட்டையைக் கடந்தது. நவம்பர் 29 அன்று 18,618 இலும், மறுநாள் 18,758 இலும், டிசம்பர் 1 அன்று 18,812 இலும் முடிந்தது. டிசம்பர் 1 அன்று வணிக நேரத்தில் தொட்ட 18,887 புதிய வரலாற்று உச்சம். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அந்த நவம்பரில் இந்தியப் பங்குகளில் நிகரமாக 36,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருந்தனர். செய்தித்தாள்களின் வணிகப் பக்கங்கள் கொண்டாடின. அடுத்த மூன்று நாட்களும் முடிவு விலை பழைய உச்சத்துக்கு மேலேயே இருந்தது என்றாலும், 18,696, 18,701, 18,642 என்று மெல்லத் தேய்ந்தது. பாடநூல் எதிர்பார்க்கும் மறுசோதனை தொடங்கிவிட்டது.

டிசம்பர் 7 அன்று, ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.25 சதவீதமாக உயர்த்திய நாளில், நிஃப்டி 18,560 இல் முடிந்தது. கோட்டை 18,604 இல் போட்டவருக்கு அன்றே மறுசோதனை தோற்றது. மறுநாள் 18,609, அதே கோட்டின்படி இப்போது வென்றது! டிசம்பர் 9 அன்று 18,496, மீண்டும் தோல்வி. 12 அன்று 18,497. 13 அன்று 18,608, மீண்டும் வெற்றி. ஐந்து வணிக நாட்களில் நான்கு முறை தீர்ப்பை மாற்றும் ஒரு கோடு எதையும் சொல்லவில்லை என்றே பொருள். பட்டையை வைத்திருப்பவருக்கு இந்த ஐந்து நாட்களும் ஒரே செய்தியைத்தான் கொடுத்தன: விலை பட்டைக்குள் இருக்கிறது அல்லது அதன் மேல்விளிம்பை உரசுகிறது, கீழ்விளிம்பான 18,477 க்குக் கீழே ஒருநாளும் முடியவில்லை, ஆகவே சோதனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

டிசம்பர் 14 அன்று விலை எழுந்தது. அமெரிக்காவின் நவம்பர் மாதப் பணவீக்கம் 7.1 சதவீதமாகக் குறைந்த செய்தி முந்தைய மாலையே வந்திருந்தது. உலகச் சந்தைகள் அதை வரவேற்றன. நிஃப்டி 18,660 இல் முடிந்தது. தாங்கப்பட்ட மறுசோதனை இதுதான் என்று எண்ண அன்று எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அந்த ஏற்றம் எவ்வளவு? 18,497 இலிருந்து 163 புள்ளிகள். டிசம்பர் 1 இன் 18,812 க்கு இன்னும் 150 புள்ளிகளுக்கு மேல் குறைவு. வாங்க நல்ல காரணம் கிடைத்த நாளிலும் வாங்குவோர் முந்தைய உயரம் வரை வரவில்லை. அன்றிரவு அமெரிக்க மைய வங்கி வட்டியை அரை சதவீதப் புள்ளி உயர்த்தி, மேலும் உயர்வுகள் வரும் என்றது. டிசம்பர் 15 அன்று நிஃப்டி 18,414 இல் முடிந்தது. பட்டையின் கீழ்விளிம்பு முதன்முறையாக உடைந்தது. அடுத்த நாள் 18,269. டிசம்பர் 23 அன்று 17,806.

தோல்வி உறுதியானது டிசம்பர் 15 அன்றுதான் என்று கொண்டால், ஒன்பதாம் தேதியே தோல்வி என்று முடிவு கட்டியவரைவிடப் பட்டையை நம்பியவர் 82 புள்ளிகள் தாழ்வாக வெளியேறினார். காத்திருப்பின் விலை அது. அதற்கு ஈடாக, ஒருவாரம் தீர்ப்பை மாற்றி மாற்றி எழுதும் தொல்லையிலிருந்து அவர் தப்பினார். பெரும்பாலான தரகுக் கணக்குகள் கரைவது ஒரு பெரிய தவறால் அன்று. இப்படி உள்ளே வெளியே என்று நான்கு முறை நடப்பதால்தான்.

இனி, அந்தத் தோல்வி எதைச் சொன்னது என்று பார்க்கலாம். தடை ஆதரவாக மாறும் என்ற கூற்றின் பின்னால் மனிதர்களைப் பற்றிய ஓர் அனுமானம் இருக்கிறது. 2021 அக்டோபரில் உச்சத்தில் வாங்கிச் சிக்கியவர்கள், வாங்கிய விலை மீண்டும் கிடைத்ததும் விற்று வெளியேறுவர். நட்டத்தில் விற்க மறுத்து, சமமானதும் விற்கும் இம்மனநிலையை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் இருவரும் 1985 இல் ஆய்வுத்தலைப்பாக்கினர். அவர்கள் விற்பதே தடை. அந்த விற்பனை முழுவதும் உறிஞ்சப்பட்டபின் விலை மேலே போகிறது. இப்போது வேறு மூன்று வகையினர் அந்தப் பழைய உயரத்தை நினைவில் வைத்திருக்கின்றனர்: அங்கே விற்றுவிட்டு, ஏறிப்போவதைப் பார்த்து வருந்துபவர், அங்கே வாங்கத் தயங்கி வாய்ப்பை விட்டவர், விலை இறங்கும் என்று அங்கே முன்னதாக விற்று, இப்போது நட்டத்தில் மாட்டியிருப்பவர். விலை திரும்பி வந்தால் மூவருமே வாங்குவர். தடை ஆதரவாகிறது.

இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டியது காலம். மூவகையினரும் உருவாக விலை மேலே சிறிது காலம் தங்கியிருக்க வேண்டும். வருந்துவதற்கும் தூரம் வேண்டும். 2022 டிசம்பரில் நிஃப்டி பழைய உச்சத்துக்கு மேலே தொடர்ந்து முடிந்தது ஆறே வணிக நாட்கள். மிக உயர்ந்த முடிவு விலையில்கூட ஏறிய தூரம் ஒன்றே கால் சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஆறு நாட்களில் விற்றவர் எவரும் பெரிதாக வருந்தியிருக்க முடியாது. மாறாக, புதிய உச்சம் என்ற செய்தியைக் கண்டு வாங்கியவர்கள் ஒரு புதிய கூட்டமாக உருவாகியிருந்தனர். விலை கீழே போனதும் 2021 அக்டோபரில் வாங்கியவர்களின் இடத்துக்கு இவர்கள் வந்து சேர்ந்தனர். ஆக, தோற்ற மறுசோதனை தெரிவிப்பது இரண்டு செய்திகள். உடைப்பின்போது மேலே இழுத்தவர்கள் அந்த விலையில் நிலைத்து நிற்க வந்தவர்கள் அல்லர் என்பது ஒன்று. தடை நீங்கவில்லை, சற்று மேலே பெயர்ந்து, புதிய உறுப்பினர்களுடன் தொடர்கிறது என்பது மற்றொன்று. இனிக் கடக்க வேண்டிய பட்டை 18,477 முதல் 18,604 வரை அன்று. 18,812 முதல் 18,887 வரை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் பதிவு செய்வது நேர்மை. குறியீடு என்பது ஒரு பங்கு அன்று. 50 பங்குகளின் எடையிட்ட கூட்டுத்தொகை. 18,604 இல் நிஃப்டியை ‘வாங்கியவர்’ என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். முன்பேர ஒப்பந்தம் மாதந்தோறும் முடிந்துவிடும். குறியீட்டு நிதிகளில் மாதத் தவணையாகப் போடுபவருக்கு ஒரே கொள்முதல் விலை என்று ஒன்று இல்லை. வழக்கமாகச் சொல்லப்படும் நிஃப்டி ஈவுத்தொகையையும் கணக்கில் சேர்ப்பதில்லை; ஆகவே 2021 உச்சத்தில் வாங்கி வைத்திருந்தவர், எண் 18,604 ஐத் தொடும் முன்பே சமமாகியிருப்பார். சிக்கியவர் நினைவு என்ற விளக்கம் தனிப்பங்குக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு குறியீட்டுக்குப் பொருந்தாது. குறியீட்டில் அந்த நினைவைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரைபடத்தைப் பார்க்கும் வணிகர்களும், முழு எண்களில் ஆப்ஷன் எழுதுபவர்களுமே. அதற்கும் சான்று இல்லாமலில்லை. கரோல் ஆஸ்லர் அந்நியச் செலாவணிச் சந்தை குறித்து 2003 இல் வெளியிட்ட கட்டுரையில், இலாபம் எடுக்கும் ஆணைகள் முழு எண்களின்மீதும், நட்டத்தைத் தடுக்கும் ஆணைகள் அவற்றைச் சற்றுத் தாண்டியும் குவிந்திருப்பதைக் காட்டினார். முதல்வகை விலையைத் திருப்பி அனுப்பும். இரண்டாம் வகை, தாண்டிய விலையை வேகப்படுத்தும். தோற்ற மறுசோதனைகளில் கீழ்விளிம்பு உடைந்த நாளின் சரிவு மற்ற நாட்களைவிடச் செங்குத்தாக இருப்பதை இது ஓரளவு விளக்குகிறது. டிசம்பர் 15 அன்று நிஃப்டி 245 புள்ளிகள் இழந்தது.

இரண்டாவது நிகழ்வுக்கு வருவோம். நிஃப்டி 2023 மார்ச் 20 அன்று 16,828 வரை இறங்கி, பிறகு ஏறத் தொடங்கியது. ஜூன் நடுவில் பழைய பட்டையை நெருங்கியது. அங்கே தயங்கியது, ஜூன் 21 அன்று 18,856 இல் முடிந்து, இரண்டு நாட்களில் 18,665 க்குப் பின்வாங்கியது. டிசம்பரில் சிக்கியவர்கள் விலை சமமானதும் வெளியேறினர் என்று கருத இது இடம் தருகிறது. ஜூன் 28 அன்று 18,972 இல் முடிந்து பட்டையைத் தெளிவாகக் கடந்தது. இம்முறை உடனடி மறுசோதனை வரவில்லை. செப்டம்பரில் 20,222 வரை சென்றது. பட்டையின் மேல்விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஏழு சதவீதம், மூன்று மாதங்கள். முன்பு சொன்ன மூவகையினர் உருவாகத் தேவையான காலமும் தூரமும் இம்முறை இருந்தன.

மறுசோதனை அக்டோபரில் வந்தது, அதுவும் மோசமான சூழலில். மேற்காசியாவில் போர் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் பத்தாண்டுக் கடன்பத்திர ஈட்டம் 5 சதவீதத்தைத் தொட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அம்மாதம் நிகரமாக 24,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்றனர். நிஃப்டி தொடர்ந்து ஆறு வணிக நாட்கள் இறங்கியது. மாதாந்தர ஒப்பந்தங்கள் முடியும் நாளான அக்டோபர் 26 அன்று மட்டும் 264 புள்ளிகள் இழந்து, 18,837 வரை போய், 18,857 இல் முடிந்தது.

அன்று மாலை 18,887 இல் மெல்லிய கோடு போட்டிருந்த எவருக்கும் தீர்ப்பு ஐயமற்றது: மறுசோதனை தோற்றது, வரலாற்று உச்சம் உடைபட்டு, முடிவு விலையும் அதற்குக் கீழே. பட்டையை வைத்திருந்தவருக்கோ அது இன்னும் உள்ளே இருந்தது. கீழ்விளிம்பான 18,812 தொடப்படவே இல்லை. மறுநாள் 19,047. அடுத்த வாரம் மீண்டும் ஓர் இறக்கம். நவம்பர் 1 அன்று 18,989 இல் முடிந்தது, பட்டைக்குள் நுழையவில்லை. அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. டிசம்பர் 4 அன்று நிஃப்டி 20,686.

2022 டிசம்பரில் நல்ல செய்தி வந்தும் விலையால் முந்தைய உயரத்தை எட்ட முடியவில்லை. 2023 அக்டோபரில் கெட்ட செய்திகள் அடுக்கடுக்காக வந்தும் விலை பட்டைக்குக் கீழே முடியவில்லை. மறுசோதனையின்போது கவனிக்க வேண்டியது விலை எங்கே நிற்கிறது என்பதோடு, எத்தகைய செய்தியின் நடுவே அங்கு நிற்கிறது என்பதையும்தான். அக்டோபரில் வெளிநாட்டவர் விற்றதை வாங்கியவர் யார் என்ற வினாவுக்கு விடையின் ஒரு பகுதி வெளிப்படை: பரஸ்பர நிதிகளில் எஸ்ஐபி எனப்படும் மாதத் தவணை வழியாக அம்மாதம் மட்டும் ஏறத்தாழ 17,000 கோடி ரூபாய் வந்தது. ஓராண்டுக்கு முன், 2022 நவம்பரில், அது 13,000 கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. தவணை முதலீட்டாளர் எந்தப் பட்டையையும் பார்ப்பதில்லை என்பது இதில் உள்ள நகைமுரண். வரைபடக்காரர் ‘ஆதரவு’ என்று பெயரிட்டதன் ஒரு பகுதி, வரைபடமே பார்க்காதவர்களின் பணம்.

தோற்ற மறுசோதனை சொல்லாதவற்றையும் பட்டியலிட்டால்தான் அதன் அளவு தெரியும். எவ்வளவு ஆழம் என்று அது சொல்லாது. 2022 டிசம்பர் உச்சத்திலிருந்து 2023 மார்ச் தாழ்வு வரை நிஃப்டி இழந்தது ஏறத்தாழ 11 சதவீதம். ஆனால் அந்த 11 சதவீதத்தை டிசம்பர் 15 அறிந்திருக்கவில்லை. அதானி குழுமம் குறித்த ஹிண்டன்பர்க் அறிக்கை ஜனவரி 24 அன்று வந்தது. அமெரிக்காவில் சிலிக்கன் வேலி வங்கி வீழ்ந்தது மார்ச்சில். பிறகு வந்த இச்சரிவுகளையும் சேர்த்து ‘வரைபடம் அன்றே எச்சரித்தது’ என்று சொல்பவர், நடந்ததை அறிந்தபின் கடந்த காலத்துக்கு அறிவை ஏற்றிக்காட்டுகிறார். டிசம்பர் 15 சொன்னது இவ்வளவே: மேலே வாங்கியவர்கள் சிக்கிவிட்டனர், இந்த உடைப்பை நம்பி வாங்கியதற்கான காரணம் இனி இல்லை. வெளியேறுவதற்கு அது போதுமான காரணம். எதிர்த்திசையில் பந்தயம் கட்டுவதற்குப் போதாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, வெளியேறிய கையோடு புட் ஆப்ஷன் வாங்குவதுதான் விடுதி அறைகளில் அடிக்கடி நிகழும் இரண்டாம் பிழை.

நின்ற மறுசோதனைக்கும் இதே கடுமை வேண்டும். நீண்ட காலமாக ஏறிவரும் ஒரு குறியீட்டில், எந்த உயரத்தில் எதேச்சையாகக் கோடு போட்டாலும், இறங்கி வந்த விலை அதன் அருகே திரும்பி ஏறுவது அரிதன்று. ஆகவே ‘ஆதரவு நின்றது’ என்பது, அந்த உயரத்துக்குத் தனித்த ஆற்றல் உண்டு என்பதற்குச் சான்றாகாது; சந்தை ஏறுமுகத்தில் இருக்கிறது என்பதற்கே சான்றாகலாம். ஆஸ்லர் 2000 இல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் இதழில் எழுதிய முந்தைய கட்டுரையின் சிறப்பு இங்கேதான். தரகு நிறுவனங்கள் வெளியிட்ட ஆதரவு, தடை நிலைகளில் செலாவணி விலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. எதேச்சையாக உருவாக்கிய நிலைகளில் எத்தனை முறை திரும்புகிறது என்பதோடு ஒப்பிட்டார். வேறுபாடு இருந்தது, புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாகவும் இருந்தது. ஆனால் எதேச்சை நிலைகளிலும் விலை பாதிக்கு மேற்பட்ட முறை திரும்பவே செய்தது. அந்த ஒப்பீடு இல்லாமல் வெற்றி எண்ணிக்கையை மட்டும் காட்டும் காணொளி எதையும் நிறுவவில்லை.

மறுசோதனைக்காகக் காத்திருப்பவரின் மாதிரியிலும் ஒரு சாய்வு உண்டு. 2020 ஜனவரியின் 12,430 என்ற உச்சத்தை நிஃப்டி அவ்வாண்டு நவம்பர் 9 அன்று கடந்து 12,461 இல் முடிந்தது, மறுநாள் 12,631. திரும்பவே இல்லை. திரும்பி வந்தால் வாங்கலாம் என்று இருந்தவருக்கு இன்றுவரை அந்த விலை கிடைக்கவில்லை. வலுவான உடைப்புகளில் பல மறுசோதனைக்கு வருவதில்லை; வருபவற்றில் வலுவற்றவை கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. எனவே, மறுசோதனையில் மட்டும் வாங்குபவர் தம் அனுபவத்தில் காணும் தோல்வி விகிதத்தை எல்லா உடைப்புகளுக்கும் பொதுவாக்க முடியாது.

மேலே காட்டிய இரண்டு நிகழ்வுகளும் பட்டை முறையை நிறுவிவிட்டன என்றும் சொல்லக்கூடாது. இரண்டு என்பது எண்ணிக்கையே அன்று. அவை தேர்ந்தெடுக்கப்பட்டதும் முடிவு தெரிந்தபின்தான். உச்சத்தின் முடிவு விலையையும் வணிக நேர உச்சத்தையும் விளிம்புகளாகக் கொள்ளும் விதியை நிஃப்டியின் முழு வரலாற்றின்மீதும், அதன் 50 பங்குகளின்மீதும் ஓட்டி, எதேச்சைப் பட்டைகளோடு ஒப்பிடுவது முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு அளவான வேலை. தரவு தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செய்யும்போது ஒன்றை மட்டும் தளர்த்தக்கூடாது: தோல்வி என்றால் என்ன என்பது தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். கீழ்விளிம்புக்குக் கீழே ஒரு முடிவு விலையா, தொடர்ந்து இரண்டா? எத்தனை நாட்களுக்குள் வந்தால் அது மறுசோதனை, எத்தனை மாதம் கழித்து வந்தால் வெறும் இறக்கம்? ஆறு நாட்களில் வந்த 2022 டிசம்பரையும் நான்கு மாதம் கழித்து வந்த 2023 அக்டோபரையும் ஒரே பெயரால் அழைப்பது சரிதானா என்பதே விவாதத்துக்குரியது.

2023 அக்டோபர் 26 மாலையில் பட்டையைக் கையில் வைத்திருந்தவருக்கும் எதிர்காலம் தெரிந்திருக்கவில்லை. அவர் குறிப்பேட்டில் எழுத முடிந்ததெல்லாம் ஒரே வரி: நாளை 18,812 க்குக் கீழே முடிந்தால் விற்பனை. 18,857 க்கும் அதற்கும் இடையே இருந்தது 45 புள்ளிகள். அந்த வாரத்தின் போக்கில் அரைமணி நேர இறக்கம்.